மாட்டிப் பார்க்காமல் எழுதியது

"தலையில் மாட்டியதே தெரியாது" என்று எழுதியவன் நான்தான். அந்த ஹெட்லைட்டை நான் மாட்டிப் பார்த்ததில்லை. அது எந்தப் பெட்டியில் வரும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அதை வாங்கப் போகிறவரின் காதருகே நின்று சொல்வதுபோல அந்த வரியை எழுதினேன், எழுதியபின் நன்றாக வந்திருக்கிறது என்று திரும்பவும் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

புளியறையில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. கடை என்றால் அலமாரி, சரக்கு எதுவும் கிடையாது. ஒரு லேப்டாப், ஒரு ஃபோன், மழைக்காலத்தில் அடிக்கடி போய்வரும் கரண்ட். யாராவது ஆர்டர் போட்டுப் பணம் கட்டினால், அந்த முகவரியை டெல்லியில் இருக்கும் சப்ளையருக்கு அனுப்புவேன். அவர்கள் தங்கள் குடோனிலிருந்து என் கடைப் பெயரை ஒட்டி நேராக அனுப்பிவிடுவார்கள். இதற்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். வீட்டுக்கு வெளியே செக்போஸ்ட்டில் கேரளா போகும் லாரிகள் ராத்திரி பகலாக வரிசை கட்டி நிற்கும். நான் விற்ற பொருள் அவற்றில் ஏதோ ஒன்றில், என் வாசலைத் தாண்டியே ஆரியங்காவுக்கோ புனலூருக்கோ போயிருக்கலாம். எனக்குத் தெரிய வழியில்லை.

இந்த வியாபாரத்தில் நான் செய்கிற உருப்படியான வேலை என்று பார்த்தால் ஒன்றுதான்: எழுத்து. சப்ளையர் ஒரு பொருளுக்குப் படங்களும் கொஞ்சம் குறிப்பும் அனுப்புவார். தயாரித்த கம்பெனி எழுதிய அதே குறிப்பு, கமா மாறாமல், அதே பொருளை விற்கும் எல்லாக் கடைகளிலும் இருக்கும். அப்படியே ஒட்டினால் தேடுபொறி தண்டனை எதுவும் தந்துவிடாது. ஒரே மாதிரி இருக்கும் பக்கங்களில் ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு மற்றதையெல்லாம் ஒதுக்கிவிடும், அவ்வளவுதான். அந்த ஒன்று என் பக்கமாக இருக்காது. அதனால் சொந்த வார்த்தையில் திருப்பி எழுத வேண்டும். படிக்கிற காலத்தில் கட்டுரைப் போட்டிக்குப் போனவன் என்பதால் இது எனக்கு லேசான வேலையாகத் தெரிந்தது. இங்கேதான் வினை.

ஹெட்லைட்டுக்கு வந்த குறிப்பு அரைகுறை ஆங்கிலம். அதிலிருந்த விஷயங்களைத் தமிழில் சொல்கிறேன். 1000 லூமன் வெளிச்சம். 500 மீட்டர் தூரம் அடிக்கும். 18650 வகை லித்தியம் பேட்டரி, 1200 எம்ஏஎச். 8 மணி நேரம் வரை எரியும். IPX4 அளவுக்கு நீர் தாங்கும். எடை 42 கிராம். அலுமினிய உடல். மூன்று நிலை வெளிச்சம். இத்துடன் ஒரு படமும் இருந்தது: பெட்டிக்குள் வரும் துண்டுச்சீட்டை ஃபோனில் எடுத்த படம், எழுத்து பொடிப்பொடியாக. அதை நான் பெரிதாக்கிப் படிக்கவில்லை.

நான் எழுதியது இப்படி: "கொட்டும் மழையிலும் அணையாது. சேறு பட்டால் கழுவிக்கொள்ளலாம். ஒருமுறை சார்ஜ் போட்டால் 1000 லூமன் வெளிச்சத்தில் முழுதாக 8 மணி நேரம். வெறும் 42 கிராம், தலையில் மாட்டியதே தெரியாது."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வேலை எப்படி நடந்தது என்று புரியும். "நீர் தாங்கும்" என்பது உப்புச்சப்பில்லாமல் இருந்தது, அதனால் மழையைக் கொண்டுவந்தேன். மழை வந்ததும் சேறு வந்தது, சேறு வந்ததும் கழுவுவது வந்தது. "8 மணி நேரம் வரை" என்பதில் அந்த "வரை" இழுவையாகத் தெரிந்தது, எடுத்துவிட்டேன். வெளிச்சமும் நேரமும் தனித்தனி வரியில் கிடந்தன. ஒரே வாக்கியத்தில் சேர்த்தால் ஓட்டம் நன்றாக இருந்தது, சேர்த்தேன். ஒவ்வொரு மாற்றமும் நடைக்காகச் செய்ததுதான். பொய் சொல்ல வேண்டும் என்று நான் உட்காரவில்லை. ஆனால் கம்பெனிக்காரன் ஒரு இடத்தில்தான் கூட்டிச் சொல்லியிருந்தான், நான் மூன்று இடத்தில் கூட்டியிருந்தேன். என் பக்கத்தை மற்ற பக்கங்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டியது அந்த மூன்றும்தான்.

எங்கள் மதினி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். பக்கத்தைப் படித்துவிட்டு, "நீ இத மாட்டிப் பாத்தியாடே?" என்றாள். "எல்லாரும் இப்படித்தான் மதினி எழுதுவாவ" என்றேன். அவள் மேற்கொண்டு பேசவில்லை.

வாங்கியவர்களில் ஒருவர் மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். தமிழர், என் அப்பா வயதிருக்கும். ரப்பர் வெட்டு விடியுமுன் இருட்டில் நடக்கிற வேலை. குளிர்ச்சியான நேரத்தில் பட்டைக்குள் பால்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். ஆகவே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்க் கீற வேண்டும். ஒரு கையில் கத்தி இருக்கும், இன்னொரு கை சிரட்டையிலும் ஒட்டுப்பாலிலும் பட்டுப் பிசுபிசுவென்றிருக்கும். அந்தக் கையால்தான் விளக்கைச் சரிசெய்வார்கள். விளக்கில் பால் பட்டுக் காய்ந்து தோலாகப் பிடித்துக்கொள்ளும்.

அவர் ஃபோனில் பேசியபோது கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. "தம்பி, கழுவிக்கலாம்னு போட்டிருந்தீங்க இல்ல, அதான் வாளியில முக்கிக் கழுவுனேன். மறுநா வெளுப்புக்கு எந்திரிச்சுப் பாத்தா எரியல. நான் வேற எதாவது தப்பாப் பண்ணிட்டேனா?" என்றார். கொஞ்சம் பேசியபின் இன்னொன்றும் சொன்னார். முதல் நாளிலிருந்தே விளக்கு சீக்கிரமே மங்கிப்போனதாம். சார்ஜ் போடத் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துப் பேரனிடம் கேட்டிருக்கிறார்.

சப்ளையருக்குச் செய்தி அனுப்பினேன். கொஞ்சம் காரமாகவே. ஒரே வரியில் பதில் வந்தது: இது IPX4, தண்ணீரில் முக்கக் கூடாது, நாங்கள் அப்படி எங்கேயும் சொல்லவில்லையே. கூடவே அந்தத் துண்டுச்சீட்டுப் படத்தை மறுபடி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை பெரிதாக்கிப் பார்த்தேன். 8 மணி நேரம் என்பது குறைந்த வெளிச்சத்தில் என்று அதில் தெளிவாகவே இருந்தது. எடை பேட்டரி நீங்கலாக என்றும் இருந்தது. திட்டலாம் என்று நான் தேடிய ஆளிடம் அந்த இரண்டிலும் குற்றமில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பொருள் கையில் இல்லாவிட்டாலும் போட்டிருக்கக்கூடிய கணக்கு, எட்டாம் வகுப்புப் பெருக்கல். பேட்டரி 3.7 வோல்ட், 1.2 ஆம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் அதற்குள் இருக்கும் மொத்தச் சக்தி கிடைக்கும்.

```
3.7 × 1.2  = 4.44 வாட் மணி
4.44 ÷ 8   = 0.555 வாட்
4.44 ÷ 10  = 0.444 மணி (சுமார் 27 நிமிடம்)
```

இரண்டாவது வரி, 8 மணி நேரம் எரிய வேண்டுமானால் விளக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பது: அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேல். வெள்ளை எல்இடி ஒன்று 1 வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொண்டால், 8 மணி நேர விளக்கு என்பது 55 லூமன் விளக்கு. மூன்றாவது வரி அதன் மறுபக்கம். 1000 லூமன் வேண்டுமென்றால் 10 வாட் வேண்டும். அப்படியானால் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது, அதுவும் சுற்றில் நஷ்டமே இல்லை என்று வைத்துக்கொண்டால். உண்மையில் அவ்வளவு சிறிய உடல் 10 வாட் சூட்டை வெளியேற்ற முடியாமல் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது ஆரம்பத்திலிருந்தே அந்த 1000 வெறும் எண்ணாகத்தான் இருந்திருக்கும். எப்படியானாலும் 1000 லூமனும் 8 மணி நேரமும் ஒரே வாக்கியத்தில் இருக்கவே முடியாது. நான் அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தேன்.

500 மீட்டர் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. டார்ச் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் எஃப்எல்1 என்ற அளவுமுறையில், விளக்கின் ஒளி பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ் ஆகக் குறையும் தூரம்தான் "அடிக்கும் தூரம்". தூரத்தை மீட்டரில் எடுத்து அதனோடேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் கதிரின் உச்சச் செறிவு எத்தனை கேண்டெலா இருக்க வேண்டும் என்று வரும். 500 மீட்டருக்கு 62,500 கேண்டெலா. இதற்கு ஆழமும் அகலமும் உள்ள பிரதிபலிப்புக் கிண்ணம் வேண்டும். படத்தில் இருந்தது ஒரு ரூபாய்க் காசு அகலக் கண்ணாடி. அளந்த சான்று இருக்கிறதா என்று கேட்டேன், பதில் வரவில்லை. இது கம்பெனியின் கைங்கரியம். ஆனால் அதை அப்படியே கடத்திவிட்டதில் என் பங்கும் இருக்கிறது.

எடை இன்னும் சுலபம். 18650 என்ற எண்ணே பேட்டரியின் அளவைச் சொல்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழி உருளை என்பதற்கு. அந்த அளவு லித்தியம் பேட்டரி தனியாகவே 45 கிராம் சுற்றி இருக்கும். முழு விளக்கும் 42 கிராம் என்றால், வயிற்றில் இருப்பதைவிட உடம்பு இலேசு என்றாகிறது. நெற்றியில் உண்மையில் ஏறுவது 90 கிராமுக்குப் பக்கம். தலையில் மாட்டியது நன்றாகவே தெரியும்.

IPX4 என்பதில் அந்த X தூசிக்குச் சோதிக்கவில்லை என்பதைக் குறிக்கிறது. 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் தெறித்தாலும் கேடில்லை, அதுவும் சில நிமிடச் சோதனையில். பீய்ச்சும் தண்ணீருக்கு 5, 6. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்குவது 7. இவையெல்லாம் புதிய பொருளில், நல்ல தண்ணீரில், சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி சரியாக அமுங்கியிருக்கும் நிலையில் செய்யும் சோதனைகள். ரப்பர் பால் காய்ந்து ஒட்டிய மூடி அப்படி அமுங்காது. குற்றாலச் சாரலில் நடந்து போவதற்கு 4 போதும். வாளிக்குப் போதாது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஒன்று. பால் வெட்டுகிறவருக்கு 1000 லூமன் தேவையே இல்லை. அவருடைய கத்தி முகத்துக்கு முன்னால் ஒரு கை தூரத்தில்தான் வேலை செய்கிறது. குறைந்த நிலையில் வைத்திருந்தால் 55 லூமனே அவருக்குக் கண்கூசாத நல்ல வெளிச்சம், வேலை முடியும்வரை எரிந்தும் இருக்கும். அவர் உச்ச நிலையிலேயே எரியவிட்டார். ஏனென்றால் அந்த வெளிச்சத்தில் 8 மணி நேரம் என்று நான்தான் எழுதியிருந்தேன். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அதே பொருள், அதே விலை, அவருக்குச் சரியாகவே உதவியிருக்கும். இதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தது பெருந்தன்மையால் அல்ல. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில், விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் விற்பவர் திரும்ப வாங்கவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருப்பதும் விற்பவர் பொறுப்பே. விற்பவர் பொருளைத் தொட்டாரா இல்லையா என்று அந்த விதிகள் கேட்பதில்லை. பணத்தைக் கட்டியவரின் ரசீதில் என் கடைப் பெயர்தான் இருந்தது.

பக்கத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது, பழைய குறிப்பைக் கண்முன் வைத்துக்கொண்டு வார்த்தை மாற்றும் பழக்கத்தைத்தான் முதலில் விட்டேன். அப்படி எழுதினால் கை தானாகவே சாயம் பூசப் போய்விடுகிறது. மூலத்திலிருந்து விவரங்களை மட்டும் ஒரு தாளில் எடுத்தேன்: எண், அலகு, எந்த நிலையில், யார் சொன்னது. பிறகு மூலத்தை மூடிவிட்டேன். தாளில் இருந்த ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்தேன். கணக்கில் சரிபார்க்க முடியுமா? முடிந்தால் போட்டுப் பார்ப்பது. படத்தில் பார்க்க முடியுமா? முடிந்தால் சப்ளையரிடம் படம் கேட்பது. இரண்டும் முடியாதென்றால் "கம்பெனி சொல்கிறது" என்று சொல்லி எழுதுவது. கம்பெனி சொன்னதே கணக்கோடு மோதினால் எழுதாமல் விடுவது.

படம் கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. "பொருள் நல்லதா?" என்று கேட்டால் "நல்லது சார்" என்றுதான் வரும். பேட்டரியைப் போட்டுத் தராசில் வைத்து எடையோடு ஒரு படம், பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எழுத்தின் படம், சார்ஜ் துளை மூடியைத் திறந்த நிலையில் ஒரு படம் என்று கேட்க வேண்டும். தராசுப் படம் வந்தது: 91 கிராம். பேட்டரியின் மேல் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு, யார் பெயரில் எந்தப் பொருளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று சரிபார்க்கலாம். இதில் எண் மங்கலாக இருந்தது, தெளிவான படம் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபின் வந்தது, சரியாகவும் இருந்தது.

புதிய பக்கம் இது: "நெற்றியில் கட்டும் சார்ஜ் விளக்கு. பேட்டரியோடு எடை 91 கிராம். மூன்று நிலை வெளிச்சம். குறைந்த நிலையில் 8 மணி நேரம் வரை எரியும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். உச்ச நிலையில் அரை மணி நேரத்துக்குள் மங்கத் தொடங்கலாம். கைக்கெட்டும் தூர வேலைக்குக் குறைந்த நிலையே போதும். சாரலும் தெறிக்கும் தண்ணீரும் தாங்கும். தண்ணீரில் முக்கவோ குழாயடியில் கழுவவோ வேண்டாம். அழுக்கை ஈரத்துணியால் துடைக்கவும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூடியபின் மழையில் எடுத்துச் செல்லவும்." லூமனும் மீட்டரும் அதில் கிடையாது.

மதினியிடம் காட்டினேன். "இத வாசிச்சா யாரும் வாங்கமாட்டாவளே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா வாங்குனவ திட்டமாட்டாவ" என்றாள். இரண்டும் நடந்தது. மற்ற கடைகள் 10,000 லூமன் என்று எழுதுகிறபோது எண்ணே போடாதவனிடம் ஆர்டர் குறையத்தான் செய்யும். திரும்பி வருவதும் குறைந்தது. தேடுபொறியில் பக்கம் தெரிவதில் மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சொந்த வார்த்தை என்ற அளவில் பொய்யும் நிஜமும் அதற்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

ஒரு விளக்கை முதலிலேயே எனக்காக வாங்கிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். மாட்டியிருந்தால் எடை அன்றே தெரிந்திருக்கும், எரியவிட்டு மணி பார்த்திருந்தால் மங்குவதும் தெரிந்திருக்கும். காசு ஒரு காரணமில்லை, அந்த விளக்கின் விலை அப்படி ஒன்றும் பெரிதல்ல. மனதுக்குள் ஒரு பயம் இருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது: பார்த்துவிட்டால் அப்படி எழுத முடியாது. பிறகு ஒன்று வரவழைத்தேன். அதுவும் முழுத் தீர்வு இல்லை என்பது போகப்போகத் தெரிந்தது. சப்ளையர் அதே பெயரில், அதே படத்தில், வேறு பட்டறைச் சரக்கை மாற்றி அனுப்புவதுண்டு. என் மேசையில் இருக்கும் விளக்கின் பட்டை கறுப்பு, தையல் இரட்டை. அண்மையில் ஒருவர் அனுப்பிய படத்தில் பட்டை சாம்பல் நிறம், தையல் ஒற்றை. உள்ளே பேட்டரியும் மாறியிருக்கிறதா என்று மறுபடி படம் கேட்க வேண்டியதாயிற்று. வாங்கியவர்களிடமிருந்து ஒரே குறை இரண்டு மூன்று பேரிடம் அடுத்தடுத்து வந்தால், பக்கத்தில் எழுதியிருப்பது வேறு பொருளைப் பற்றியதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதில் பாதியைச் சப்ளையர் மேலும் கம்பெனி மேலும் தள்ள முடியும். மீதியைத் தள்ள முடியாது. பழைய பக்கத்தைப் படித்து வாங்கியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய எண்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கழுவாதீர்கள் என்று ஒரு வரி அனுப்புவதற்கு எனக்குக் கால் மணி நேரம் போதும். அனுப்பினால் பாதிப் பேர் பணம் கேட்பார்கள் என்று நினைத்துப் பல நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் அனுப்பியது சமீபத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும், அதுவும் "பராமரிப்புக் குறிப்பு" என்ற தலைப்பில், ஏதோ நான் செய்யும் கூடுதல் சேவைபோல. தவறாக எழுதிவிட்டேன் என்ற வார்த்தை அதில் இல்லை. ஒருவர் நன்றி என்று கைகூப்பும் படம் அனுப்பியிருந்தார்.

என் கடையில் ஹெட்லைட் ஒன்றுதானா விற்கிறேன்? ஒரு மழைக்கோட்டும் இருக்கிறது. "நூறு சதவீதம் நீர் புகாது" என்று அதற்கு எழுதியிருக்கிறேன். துணிக்கு மேல் நீரை எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நிறுத்தினால் கசியத் தொடங்குகிறது என்று அளப்பார்கள், அந்த அளவு சப்ளையரிடம் இல்லை. துணி தாங்கினாலும் மழைக்கோட்டு ஒழுகுவது பெரும்பாலும் தையலில்தான். ஊசி குத்திய ஓட்டைகளை உள்பக்கம் பட்டை ஒட்டி மூடியிருக்க வேண்டும். கோட்டின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தோள்பட்டைத் தையலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. பதில் வரும்வரை அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனி பிறந்து குற்றாலத்தில் சீசன் தொடங்கியாயிற்று, மழைக்கோட்டு விற்பதே இந்த இரண்டு மூன்று மாதம்தான். பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்று காலையில்கூட அதற்கு ஒரு ஆர்டர் வந்தது, முகவரியை டெல்லிக்கு அனுப்பிவிட்டேன்.